கிச்சடிக்கு ஜவ்வரிசியை ஊறவைக்க எந்த முறை? நான்கு வழிகளின் ஒப்பீடு

மகாராஷ்டிரத்தில் ஏகாதசி, சங்கஷ்டி சதுர்த்தி, மகாசிவராத்திரி போன்ற விரத நாட்களில் செய்யப்படும் சாபுதானா கிச்சடிக்கும், நம் ஊரில் ரவையிலோ சேமியாவிலோ செய்யும் கிச்சடிக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. ஊறிய ஜவ்வரிசியை நெய், சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஆகியவற்றுடன் சில நிமிடங்கள் மட்டும் வாணலியில் புரட்டி எடுப்பதே அந்தக் கிச்சடி. சமைக்கும்போது ஒரு துளி தண்ணீரும் சேர்ப்பதில்லை என்பதால், ஜவ்வரிசி வேகத் தேவையான ஈரம் முழுவதும் அது வாணலிக்கு வருவதற்கு முன்பே அதன் உள்ளே இருந்தாக வேண்டும். அந்த ஈரம் மிகுந்தால் கிச்சடி களிபோல் ஒரே உருண்டையாகத் திரளும். குறைந்தால் மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி நின்று பல்லில் கடிபடும். அடுப்பில் செய்யும் எந்தத் திருத்தமும் இவ்விரண்டையும் முழுமையாகச் சரிசெய்வதில்லை.

ஊறவைப்பதற்கு வீடுகளில் நான்கு முறைகள் வழக்கத்தில் உள்ளன. நிறையத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பின்னர் வடிப்பது ஒன்று. ஜவ்வரிசியின் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, அது முழுவதையும் மணிகளே உறிஞ்சிக்கொள்ள விடுவது இரண்டாவது. கழுவி வடித்து, ஒட்டியிருக்கும் ஈரத்திலேயே மூடிவைத்து, அவ்வப்போது தெளிப்பது மூன்றாவது. அவசரத்துக்கு வெந்நீரில் போடுவது நான்காவது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முன், கையில் இருக்கும் ஜவ்வரிசி எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் தமிழ்நாட்டுக் கடைகளில் பாயசத்துக்கென்று வாங்கி வைத்திருக்கும் ஜவ்வரிசியில் கிச்சடி செய்து தோற்றவர்களுள் பலர், முறையில் அல்ல, சரக்கிலேயே தவறியவர்கள்.

எந்த ஜவ்வரிசி?

மகாராஷ்டிரத்துச் சமையலறைகளுக்குப் போகும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம் வட்டாரத்தில் உருவாவது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே குச்சிக்கிழங்கு என்று அழைக்கப்படும் மரவள்ளியை அரைத்து, பாலைத் தெளியவைத்து, அடியில் படியும் ஈரமாவை உதிர்த்துத் தொட்டில்போல் கட்டிய துணியில் குலுக்கும்போது அது மணிமணியாக உருள்கிறது. இந்த இடத்திலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்து வெயிலில் உலர்த்தினால் அது வெள்ளை ஜவ்வரிசி; சிலர் மாவு ஜவ்வரிசி என்பார்கள். ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் அது நைலான் ஜவ்வரிசி.

கிச்சடிக்கு வேண்டியது முதல் வகை. அது சுண்ணாம்புபோல் வெளுத்து, ஒளி ஊடுருவாமல் இருக்கும். நைலான் வகையோ கண்ணாடித் துண்டுபோல் மங்கலாக ஒளியை உள்ளே விடும். சந்தேகம் இருந்தால் பத்து மணிகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்க்கலாம். வெள்ளை ஜவ்வரிசி அதற்குள் மேலே மெத்தென்றாகி, அழுத்தினால் உள்ளே மாவாக உதிரும். நைலான் மேற்புறம் வழுவழுப்பாகி, உள்ளே கல்போலவே நிற்கும். நைலானைக் கொதிக்கும் பாலிலோ தண்ணீரிலோ போட்டு வேகவைத்தால்தான் அதன் குணம் வெளிப்படும் என்பதால் பாயசத்துக்கும் வடகத்துக்கும் அதை வைத்துக்கொள்வது நல்லது. புணேயில் குடியேறிய முதல் ஆண்டில், ஊரிலிருந்து கொண்டுபோன நைலான் ஜவ்வரிசியை இரவு முழுவதும் ஊறவைத்தும் நடுவில் விறைப்பு போகாமல், மறுநாள் இன்னும் ஆறு மணி நேரம் நீட்டியும் பயனில்லாமல் போனபோதுதான் எனக்கு இந்த வேறுபாடு உறைத்தது. மணியின் அளவு மிளகைவிடச் சிறியதாக இருந்தால் கிச்சடிக்குச் சரிவராது. மிளகளவோ அதைவிடச் சற்றுப் பெரியதோ போதுமானது.

மணிக்குள் நடப்பது

வறுத்த ஜவ்வரிசியின் மேற்புறத்தில் இருக்கும் மாவு, வறுக்கும் சூட்டில் ஏற்கெனவே ஓரளவு வெந்துவிட்டது. உள்ளே இருப்பதோ பெரும்பாலும் பச்சை மாவு. வெந்த மாவுக்கும் பச்சை மாவுக்கும் தண்ணீரிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு. பச்சை மாவு குளிர்ந்த நீரில் ஓர் அளவு வரை மட்டும் ஈரத்தை ஏற்று நின்றுவிடும், ஒட்டவும் செய்யாது. வெந்த மாவோ கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உறிஞ்சி, உப்பி, கூழாகிப் பசைபோல் வெளியேயும் கசியும். ஆகவே ஒரு மணியை நிறையத் தண்ணீரில் நீண்ட நேரம் விட்டால் அதன் மேற்புறம் கூழாகிவிடும். அளவான தண்ணீரில் விட்டாலோ, மேற்புறம் முதலில் உறிஞ்சியதை மெல்ல உள்ளே கடத்தி, சில மணி நேரத்தில் மேற்புறமும் நடுப்பகுதியும் ஒரே ஈரத்துக்கு வந்து சேரும். நேரம் செய்வது இந்தக் கடத்தலை மட்டுமே. எவ்வளவு ஈரம் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவு. எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அளவைச் சொல்லாத குறிப்புகளால் ஆன கெடுதல் கொஞ்சமல்ல.

நான்கு முறைகளுக்கும் பொதுவான ஒரு வேலை கழுவுவது. பையில் மணிகள் ஒன்றோடொன்று உரசியதால் உண்டான தூள் அவற்றின் மேல் படிந்திருக்கும். அதைப் போக்காவிட்டால் ஊறும்போது மணிகளுக்கு இடையே அது பசையாகிவிடும். ஜவ்வரிசியில் நிறையத் தண்ணீர் விட்டு விரல்களால் மெல்ல அளைந்து, வெள்ளையாக வரும் நீரைக் கொட்டி, மூன்று நான்கு முறை கழுவினால் தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிடும். அரிசியைக் களைவதுபோல் அழுத்தித் தேய்த்தால் மணியே கரைந்து புதிய தூளாகும் என்பதால் தண்ணீர் எப்போதும் வெள்ளையாகவே வந்துகொண்டிருக்கும். இந்த வேலையை இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

முறைகளை எடைபோடுவோம்

நிறையத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சமைக்கும் நேரத்தில் வடிக்கும் முறை எளிதாகத் தோன்றும். பருப்பு, பயறு ஊறவைத்த பழக்கத்தில் கை அதற்கே போகும். ஆனால் பயறுக்குத் தோல் உண்டு, ஜவ்வரிசிக்கு இல்லை. நான்கைந்து மணி நேரம் மூழ்கிக் கிடந்த மணியைச் சல்லடையில் எவ்வளவு நேரம் வடியவைத்தாலும், சல்லடை மணிகளுக்கு இடையே இருக்கும் தண்ணீரைத்தான் பிரிக்கிறது. மேற்புறம் உறிஞ்சிக்கொண்ட மிகுதி மணியிலேயே தங்கிவிடுகிறது. வடித்த ஜவ்வரிசியைக் கையில் அள்ளினால் விரல்களுக்கு இடையே வழுவழுவென்று பசை இழுக்கும். வாணலியில் சூடு பட்டதும் அந்தப் பசை முழுதாக வெந்து மணிகளைப் பிணைத்துவிடும். இம்முறையை ஏற்றுக்கொள்ளத்தக்கதாக ஆக்க ஒரே வழி, மூழ்கியிருக்கும் நேரத்தை அரை மணிக்குள் நிறுத்தி, நன்றாக வடித்து, மூடி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவது. அப்போது அது உண்மையில் மூன்றாவது முறையாக மாறிவிடுகிறது.

வெந்நீர் முறையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளி மாவு சுமார் 60 முதல் 70 பாகை செல்சியஸ் சூட்டுக்குள்ளேயே வேகத் தொடங்கிவிடும் என்பதால், கொதிநீர் பட்ட உடனே மேற்புறம் மேலும் வெந்து கூழாகிறது; அந்தக் கூழே சுவராக நின்று நடுப்பகுதிக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கிறது. ஒட்டுவதும் விறைப்பதும் ஒரே மணியில் சேர்ந்து கிடைக்கும் முறை இது. கை பொறுக்கும் இளஞ்சூடான நீரால் பெரிய கெடுதல் இல்லை. குளிர்காலத்தில் ஓரளவு நேரமும் மிச்சமாகும். அதற்கு மேல் இம்முறையால் பயனில்லை.

மீதமுள்ள இரண்டுக்கும் இடையேதான் உண்மையான போட்டி. மட்டத் தண்ணீர் முறையில், கழுவிய ஜவ்வரிசியைப் பாத்திரத்தில் பரப்பி, மணிகள் மூழ்கி அதற்கு மேல் அரைச் சென்டிமீட்டர் நிற்கும்படி தண்ணீர் விட்டு மூடிவைப்பார்கள். மராட்டிய வீடுகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான். இதே முறையில் ஒரு நாள் உதிரி உதிரியாகவும் மறுநாள் களியாகவும் வந்தபோது, பக்கத்து வீட்டுக் காகூவிடம் தண்ணீர் அளவைக் கேட்டேன். அவர், “அளவு இருக்கட்டும், முதலில் நீ ஊறவைத்த பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டு” என்றார். நான் கொண்டுபோனது அகன்ற தாம்பாளம் போன்ற ஒன்று. அவர் வீட்டில் இருந்தது குறுகலான பித்தளைப் பாத்திரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் கேட்டதன் நியாயம் புரிகிறது. 200 கிராம் ஜவ்வரிசியின் கன அளவு ஏறக்குறைய 280 மில்லிலிட்டர்; மணிகளின் இடைவெளிகளை நிரப்ப மட்டும் 110 மில்லிலிட்டர் அளவுக்குத் தண்ணீர் தேவைப்படும். அதற்கு மேல் நிற்கும் அரைச் சென்டிமீட்டர் என்பது, 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் சுமார் 77 மில்லிலிட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ளதில் சுமார் 157 மில்லிலிட்டர். அதாவது கண்ணுக்கு ஒரே மட்டமாகத் தெரிந்தாலும், குறுகிய பாத்திரத்தில் மொத்தம் 190 மில்லிலிட்டருக்கு அருகிலும், அகன்றதில் 270 மில்லிலிட்டருக்கு அருகிலும் தண்ணீர் இருக்கிறது. முதலாவது உதிரியாகும்; இரண்டாவது ஒட்டும். மட்டம் பார்த்து ஊற்றுவது பொய்யான முறை அல்ல. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட பாத்திரத்துக்கு மட்டுமே உண்மையானது. ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரத்தில் ஊறவைப்பவருக்கு அது கைகண்ட அளவு. அவர் சொல்லக் கேட்டு வேறு பாத்திரத்தில் செய்பவருக்கு ஏமாற்றம்.

ஆகவே எடைத்தராசு உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, இதே முறையை மட்டத்தை விட்டுவிட்டு எடையால் செய்வதையே. கழுவி வடித்த பிறகும் மணிகளின் மேல் எவ்வளவு தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்பது சல்லடையையும் வடித்த நேரத்தையும் பொறுத்து மாறும் என்பதால், இத்தனை கிண்ணத்துக்கு இத்தனை கிண்ணம் தண்ணீர் என்ற கணக்கும் சற்றே வழுகும். எடை பார்த்தால் அந்த ஐயமும் இல்லை. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, 200 கிராம் உலர்ந்த ஜவ்வரிசியைக் கழுவி வடித்து அதில் போட்டால், ஒட்டிய ஈரத்தோடு 240 அல்லது 250 கிராம் காட்டும். இப்போது மொத்தம் 390 கிராம் வரும் வரை தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். உலர்ந்த எடையின் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த அளவுக்கும் இக்கணக்கு பொருந்தும்.

பிறகு ஒரு தட்டால் மூடி வைத்து, முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை முள்கரண்டியால் மெல்லக் கிளறிவிடுவது நல்லது; இல்லையெனில் அடியில் இருப்பவை தண்ணீரை அதிகமாகவும் மேலே இருப்பவை குறைவாகவும் எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்தில் பாத்திரத்தில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. அப்போதே ஊறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நிலையில் ஒரு மணியை நசுக்கினால் வெளியே மெத்தென்றும் நடுவில் கடுகளவு கெட்டியாகவும் இருக்கும். ஈரம் மேலிருந்து நடுவுக்குப் போய்ச் சேர இன்னும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இரவில் ஊறவைத்துக் காலையில் சமைப்பது வசதியாக இருப்பதன் காரணம் இதுதான். தண்ணீர் அளவாக இருக்கும்போது எட்டு மணி நேரம் ஆனாலும் மணி மேலும் கெடாது, ஏனெனில் உறிஞ்சிக்கொள்ள மிச்சத் தண்ணீரே இல்லை. கோடைக்காலத்தில் மட்டும், தண்ணீர் கண்ணுக்கு மறைந்ததும் மூடியோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவது பாதுகாப்பானது. வெளியே விட்டால் புளித்த வாடை வந்துவிடலாம்.

மூன்றாவதான தெளிக்கும் முறையில், கழுவி நன்றாக வடித்த ஜவ்வரிசியை மூடிவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று தேக்கரண்டி தண்ணீர் தெளித்துப் புரட்டிவிடுவார்கள். களியாகும் ஆபத்து மிகக் குறைவு. புதிதாக வாங்கிய, குணம் தெரியாத சரக்குக்கு இதுவே சிறந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் மணியை நசுக்கிப் பார்த்தே முடிவு செய்ய முடிகிறது. ஆனால் பகல் முழுவதும் வீட்டில் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும். கவனம் தவறினால் மேல் அடுக்கு உலர்ந்து, கிச்சடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விறைத்த மணிகள் வரும். வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது ஒத்துவராது. தராசு இல்லாதவர்கள் இரண்டையும் கலந்து செய்யலாம்: ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக்கு, கழுவி வடித்த பின், அரைக் கிண்ணம் தண்ணீர் விட்டு இரவில் ஊறவைத்து, காலையில் நசுக்கிப் பார்த்துத் தேவையானால் மட்டும் தெளிப்பது.

நசுக்கிப் பார்ப்பது எப்படி?

மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்று மணிகளை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். சரியாக ஊறிய மணி எதிர்ப்பே இல்லாமல் மென்மையான மாவாகப் பரவும். எந்த இடத்திலும் மணல்போல் நெருடாது. விரலை எடுத்தால் மாவு விரலில் பட்டையாகப் படிந்திருக்குமே தவிர, இரு விரல்களுக்கும் இடையே நூலாக இழுபடாது. நூல் இழுத்தால் ஈரம் மிகுதி. நடுவில் நெருடினால் ஈரம் போதவில்லை, அல்லது நேரம் போதவில்லை. இவ்விரண்டில் எது என்பதையும் அறிய முடியும். மணியின் மேற்புறம் சற்றே பிசுபிசுப்பாக இருந்து நடுவில் நெருடினால் தண்ணீர் இருக்கிறது, இன்னும் உள்ளே போகவில்லை, பொறுத்திருப்பதே மருந்து. மேற்புறம் உலர்ந்து, மணிகள் பாசிமணிபோல் சலசலவென்று உருண்டு, நடுவிலும் நெருடினால் இரண்டு தேக்கரண்டி தண்ணீரைத் தெளித்துப் புரட்டி, மூடி, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போது ஒரே மூச்சில் அரைக் கிண்ணம் ஊற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

ஈரம் சற்று மிகுந்துவிட்டால், சுத்தமான பருத்தித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறியின் கீழ் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை விட்டால் மேற்புறப் பிசுபிசுப்பு அடங்கும். அதற்குப் பிறகு கடலைப்பொடி மீதியைப் பார்த்துக்கொள்ளும். மராட்டியில் தாண்யாசே கூட் எனப்படும் இந்தப் பொடியைச் சுவைக்காக மட்டும் சேர்ப்பதில்லை. மணிகளின் மேல் படிந்து, ஒன்றையொன்று தொடவிடாமல் பிரித்து வைப்பதும் அதன் வேலை. 200 கிராம் ஜவ்வரிசிக்கு 100 கிராம் வேர்க்கடலையை நன்றாக வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் விடும் வரை அரைக்காமல் கொரகொரப்பாகப் பொடித்து, உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்து, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஊறிய ஜவ்வரிசியோடு கலந்துவிட வேண்டும். வாணலியில் போட்ட பிறகு பொடியைத் தூவினால், அதற்குள் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருக்கும்.

சரியாக ஊறியதா என்பதை வாணலியும் சொல்லும். மிதமான தீயில், அகன்ற வாணலியில் போட்டு அடியிலிருந்து புரட்டிவர, நான்கைந்து நிமிடங்களில் வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் மாறும். பெரும்பாலானவை மாறியதும் அடுப்பை அணைத்துவிடலாம். அதற்கு மேல் வதக்கினால் நன்றாக ஊறியதும் ரப்பராகிவிடும். எல்லா மணிகளும் மாறியும் சிலவற்றின் நடுவில் மட்டும் வெள்ளைப் புள்ளி நின்றால், அது ஊறல் குறைவின் அடையாளம். அப்போது கையை நனைத்து ஓரிரு முறை உதறி, மிகச் சிறிய தீயில் இரண்டு நிமிடம் மட்டும் மூடிவைத்தால் ஓரளவு சரியாகும். மற்றபடி மூடியே போடக் கூடாது. மூடியிலிருந்து சொட்டும் ஆவிநீர் மணிகளை ஒட்டவைத்துவிடும்.

துணியில் பரப்பியும் நூல் இழுப்பு அடங்காத அளவுக்கு ஊறிவிட்டதைக் கிச்சடியாக்க முயல்வதில் பொருளில்லை. அதில் மசித்த உருளைக்கிழங்கையும் கடலைப்பொடியையும் பச்சை மிளகாயையும் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரித்தால் அதுவே சாபுதானா வடை. கிச்சடிக்கு ஆகாத அந்தப் பிசுபிசுப்புதான் வடையை எண்ணெயில் பிரியாமல் பிடித்து வைப்பது. காகூ வடைக்கென்றே ஊறவைக்கும் நாட்களில் வேண்டுமென்றே மூன்று தேக்கரண்டி தண்ணீரைக் கூடுதலாக விடுவார்.